√(15/8) எப்படி இவ்வளவு கிட்டே வந்தது? (பெருக்கலின் தொகையீடும் வர்க்கங்களின் தொகையீடும்)

கரூர்_டியூஷன் | 4 மார்ச் 2024, இரவு 9.50

நுழைவுத் தேர்வுப் பயிற்சிப் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு இது:

I = ∫₀¹ √((1+x)(1+x³)) dx

இதன் மதிப்பு எதைத் தாண்டாது என்று கேட்டு நான்கு விடை கொடுத்திருப்பார்கள். சரியான விடை √(15/8). வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். f = √(1+x), g = √(1+x³) என்று எடுத்துக்கொண்டால், கோஷி–ஷ்வார்ட்ஸ் அசமன்பாட்டின்படி (∫fg)² ≤ ∫f² · ∫g². முதல் தொகையீடு 3/2, இரண்டாவது 5/4, பெருக்கினால் 15/8. வர்க்கமூலம் 1.3693.

இன்று பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "டீச்சர், உண்மையான விடை என்ன?" என்று கேட்டுவிட்டாள். பதினெட்டு வருடமாக இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதுகிறேன், ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து போட்டேன். 1+x³ = (1+x)(1−x+x²) என்பதால் வர்க்கமூலத்திலிருந்து (1+x) வெளியே வந்துவிடுகிறது. x = u + ½ என்று மாற்றினால் ஒற்றைப்படை உறுப்பு அடிபட்டு, I = 3/4 + (9/16) ln 3 = 1.36797.

மேல்வரம்புக்கும் உண்மைக்கும் வித்தியாசம் 0.0013 மட்டுமே. நான் இதுவரை "சும்மா ஒரு மேல்வரம்பு, கிட்டே வரும் என்று நம்பாதீர்கள்" என்றல்லவா சொல்லிக்கொடுத்தேன்? கணக்கு எழுதியவர் வேண்டுமென்றே இப்படி அமைத்தாரா, தற்செயலா?

அரைக்கிணறு | 4 மார்ச், இரவு 10.12

தற்செயல் இல்லை. f = g என்றால் இரண்டு பக்கமும் சமமாகிவிடும். உங்கள் இரண்டு சார்புகளும் 0-இல் 1, 1-இல் √2. நடுவிலும் பக்கம் பக்கமாகவே போகின்றன. கிட்டத்தட்ட f = g. அவ்வளவுதான், இழையை மூடிவிடலாம்.

சாக்பீஸ்_தாத்தா | 5 மார்ச், காலை 5.40

மூட வேண்டாம். f-ஐப் பத்தால் பெருக்கிப் பாருங்கள் அரைக்கிணறு. இப்போது f-உம் g-உம் பக்கத்தில் இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் பத்து மடங்காகிறது, நெருக்கம் துளியும் குறையவில்லை. சமம் வர f = g தேவையில்லை, f/g ஒரு மாறிலியாக இருந்தால் போதும். பார்க்க வேண்டியது விகிதத்தை.

இங்கே விகிதம் 1/√(1−x+x²). இரு முனையிலும் 1, நடுவில் x = ½-இல் 2/√3, அதாவது 1.1547. மொத்த ஓட்டமே பதினைந்து சதவீதம். அதனால்தான் நெருக்கம்.

அரைக்கிணறு | 5 மார்ச், காலை 7.05

சரி, பாதி சரி. பெயருக்கேற்றபடி.

மழைமானி | 5 மார்ச், காலை 8.30

உங்களுக்கு 1.36 வந்ததே பரவாயில்லை. எனக்கு 1.04 வந்துவிட்டது, அது ஒன்றைத் தாண்டவே கூடாதாம். மொட்டை மாடியில் மழைமானி வைத்திருக்கிறேன். பக்கத்து ஊர் அளவோடு பன்னிரண்டு மாதத்துக்கு ஒட்டுறவுக் கெழு பார்த்தேன். இதுவும் இந்த அசமன்பாட்டை மீறுவதுதானே? அப்படியானால் அசமன்பாடு நிஜத் தரவுக்குப் பொருந்தாதா?

கரூர்_டியூஷன் | 5 மார்ச், பிற்பகல் 1.15

மழைமானி, என் கேள்வி வேறு. ஆனாலும் சூத்திரத்தை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.

தாத்தா சொன்னதை வைத்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு சோதனை செய்தேன். வர்க்கமூலத்துக்குள் இருப்பது (1+x)²(1−x+x²). இதை இரண்டு பல்லுறுப்புக் கோவைகளாக மூன்று விதமாகத்தான் உடைக்க முடியும், ஏனென்றால் 1−x+x² மேற்கொண்டு உடையாது.

முதல் வழி புத்தகத்தில் உள்ளது: 1.3693.

இரண்டாவது, f = 1+x, g = √(1−x+x²). வர்க்கங்களின் தொகையீடு 7/3, 5/6. பெருக்கல் 35/18, வர்க்கமூலம் 1.3944. இங்கே f/g ஒன்றிலிருந்து இரண்டு வரை போகிறது.

மூன்றாவது, முழுவதையும் f என்று வைத்து g = 1. ∫(1+x+x³+x⁴) = 1.95, வர்க்கமூலம் 1.3964. விகிதம் இங்கேயும் 1 முதல் 2 வரை.

ஆக, எப்படி உடைத்தாலும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தது தப்பு. முதல் வழியில் 0.0013 பிசகு, மற்ற இரண்டிலும் ஏறத்தாழ இருபது மடங்கு அதிகம்.

வல்வை | 5 மார்ச், இரவு 8.20

நீங்கள் அசமன்பாடு என்பதை நாங்கள் பள்ளிக்கூடத்தில் சமனிலி என்றுதான் படித்தோம். அதை விடுவோம்.

இதைக் கோணமாகப் பார்த்தால் எனக்குத் தெளிவாகிறது. f, g இரண்டையும் வெக்டர்களாக எண்ணினால் ∫fg-ஐ √(∫f²∫g²)-ஆல் வகுத்து வருவது அவற்றுக்கிடையேயுள்ள கோணத்தின் கொசைன். ரீச்சரின் முதல் வழியில் அது 0.99902, கோணம் இரண்டரைப் பாகை. இரண்டாவதில் 11.2 பாகை, மூன்றாவதில் 11.6 பாகை. நீளத்தை மாற்றினால் கோணம் மாறாது. அரைக்கிணறு பத்தால் பெருக்கினாலும் ஒன்றும் நடக்காது என்பது இதுதான்.

மழைமானி | 5 மார்ச், இரவு 9.02

இதோ.

```
=COVARIANCE.S(B2:B13,C2:C13)/(STDEV.P(B2:B13)*STDEV.P(C2:C13))
```

சாக்பீஸ்_தாத்தா | 6 மார்ச், காலை 5.35

மழைமானி, மேலே S, கீழே P. மேலே உள்ளது பதினொன்றால் வகுக்கிறது, கீழே உள்ளது பன்னிரண்டால். அதனால் விடை 12/11 மடங்கு ஊதிவிட்டது. 1.04-ஐ 11/12-ஆல் பெருக்குங்கள், 0.953 வரும். அதுதான் உங்கள் கெழு. இரண்டு இடத்திலும் ஒரே எழுத்தைப் போடுங்கள், அல்லது CORREL என்று ஒரே சொல்லில் கேளுங்கள்.

அசமன்பாட்டை நிஜத் தரவு மீறாது. எந்தப் பன்னிரண்டு எண்களை எடுத்தாலும் மீறாது. ஒன்றைத் தாண்டினால் சூத்திரத்தில் பிழை. தாண்டியதால்தான் உங்களுக்குத் தெரிந்தது. உண்மைக் கெழு 0.6 ஆக இருந்திருந்தால் 0.65 என்று வந்து யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

மழைமானி | 6 மார்ச், காலை 7.50

0.953 வந்தது. ஆனால் போன வருடம் வேறு மூன்று ஊர்களுக்கு இதே சூத்திரத்தைப் போட்டு வைத்திருக்கிறேன். அவற்றில் எதுவும் ஒன்றைத் தாண்டவில்லை. இப்போதுதான் வயிறு கலங்குகிறது.

கரூர்_டியூஷன் | 6 மார்ச், இரவு 10.30

அந்தப் பெண்ணிடம் "விகிதம் மாறிலியாக இருந்தால் நெருக்கம்" என்றேன். உடனே, "அப்படியானால் f-உம் g-உம் ஒன்றாகவே இருக்கும்படி உடைத்துவிடலாமே டீச்சர்" என்றாள். வர்க்கமூலத்தின் வர்க்கமூலத்தை எடுத்து இரண்டுக்கும் அதையே கொடுப்பது. விகிதம் எங்கும் 1. சரிதான் என்று எழுதிப் பார்த்தால் f² என்பது நாம் ஆரம்பித்த அதே சார்பு. I ≤ I என்று வந்து நிற்கிறது. வகுப்பே சிரித்தது, நானும்தான்.

ஆனால் அந்தச் சிரிப்பில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. விகிதம் எவ்வளவுக்கு மாறிலியை நெருங்குகிறதோ, அவ்வளவுக்கு f², g² இரண்டும் மூலக் கணக்கைப் போலவே கடினமாகின்றன. புத்தகக் கணக்கு பிழைத்ததற்குக் காரணம், பல்லுறுப்புக் கோவையாகவும் இருந்து விகிதமும் அதிகம் ஆடாத ஓர் உடைப்பு அதிர்ஷ்டவசமாக அங்கே இருந்தது.

அரைக்கிணறு | 7 மார்ச், காலை 9.10

அதற்குத்தான் இடைவெளியைப் பிரித்துப் போட வேண்டும். 0 முதல் ½ வரை ஒரு தடவை, ½ முதல் 1 வரை ஒரு தடவை, கடைசியில் கூட்டினால் நெருக்கம் கூடும். துண்டு சிறிதாக ஆக விகிதம் அதற்குள் ஆட இடம் இருக்காதே.

கரூர்_டியூஷன் | 7 மார்ச், பிற்பகல் 2.00

போட்டேன். முதல் பாதியில் 0.625 × 0.515625, வர்க்கமூலம் 0.56768. இரண்டாம் பாதியில் 0.875 × 0.734375, வர்க்கமூலம் 0.80161. கூட்டினால் 1.36929. முன்பு இருந்தது 1.36931. இவ்வளவு எழுதியும் ஐந்தாவது தசமத்தில்தான் அசைந்தது. அரைக்கிணறு, பேனா மைக்குக் காசு கொடுங்கள்.

சாக்பீஸ்_தாத்தா | 7 மார்ச், மாலை 4.45

யோசனை சரி, வெட்டிய இடம் தப்பு. விகிதம் ½-ஐச் சுற்றிச் சமச்சீரானது. 1-இலிருந்து ஏறி 1.1547-ஐத் தொட்டு மறுபடி 1-க்கு இறங்குகிறது. நடுவில் வெட்டினால் ஒவ்வொரு பாதியிலும் விகிதம் அதே முழு ஓட்டத்தைத்தான் ஓடும். மலையை உச்சியில் வெட்டினால் இரண்டு பக்கமும் அதே உயரம்தானே? ¼-இலும் ¾-இலும் வெட்டுங்கள்.

கரூர்_டியூஷன் | 7 மார்ச், இரவு 11.05

0 முதல் ¼: 0.26568. ¼ முதல் ¾: 0.65848. ¾ முதல் 1: 0.44418. கூட்டல் 1.36834.

பிசகு 0.0013-இலிருந்து 0.0004-க்கு வந்துவிட்டது. துண்டு ஒன்றுதான் கூடுதல். தாத்தா, மை உங்கள் கணக்கில்.

வல்வை | 8 மார்ச், காலை 6.50

ஒரு பக்கமே பேசிக்கொண்டிருக்கிறோம். 1.3693-ஐத் தாண்டாது என்பது தெரிகிறது, எவ்வளவுக்குக் கீழே போகாது? விகிதத்தின் இரு ஓரங்களும் கையில் இருக்கும்போது அதுவும் கிடைக்கும்.

விகிதத்தின் மிகச் சிறிய மதிப்பு m = 1, மிகப் பெரியது M = 2/√3. அப்படியென்றால் f − mg எங்கும் எதிர்ம எண் அல்ல, Mg − f-உம் அப்படியே. இரண்டையும் பெருக்கினாலும் எதிர்மம் வராது. பெருக்கி விரித்து ஒழுங்குபடுத்தினால்:

(m + M) fg ≥ f² + mM g²

தொகையிட்டால் I ≥ (3/2 + M × 5/4) / (1 + M). M-ஐப் போட்டுச் சுருக்கினேன். வந்த விடையைப் பார்த்து இரண்டு முறை சரிபார்த்தேன்: (1+√3)/2. அதாவது 1.36602.

ஆக உண்மை விடை 1.3660-க்கும் 1.3693-க்கும் நடுவில். மடக்கை தெரியாத பிள்ளைக்கும் இரண்டு தசமம் சரியாகச் சொல்லலாம்.

கரூர்_டியூஷன் | 8 மார்ச், காலை 7.30

(1+√3)/2! இதைப் போய் எந்தப் புத்தகத்திலும் கேள்வியாகக் கேட்கவில்லையே. நாளைக்கே வகுப்பில் கொடுக்கிறேன்.

அரைக்கிணறு | 8 மார்ச், காலை 9.20

வேறு ஒன்று. என் கல்லூரிப் புத்தகத்தில் இது ஷ்வார்ட்ஸ் பெயரில் இருந்தது. அண்ணன் மகன் புத்தகத்தில் கோஷி–ஷ்வார்ட்ஸ். ஒருவர் கண்டுபிடித்ததற்கு எத்தனை பேர் பங்காளிகள்?

சாக்பீஸ்_தாத்தா | 8 மார்ச், மாலை 5.10

மூன்று பேர். கோஷி 1821-இல் எழுதியது எண்களின் கூட்டலுக்கு மட்டும். தொகையீட்டுக்கு எழுதியவர் புன்யகோவ்ஸ்கி, 1859-இல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். அவர் பாரிசுக்குப் போய் கோஷியிடம் படித்தவர். ஷ்வார்ட்ஸ் 1885-இல், மீச்சிறு பரப்புகளைப் பற்றிய வேலையில் இரட்டைத் தொகையீட்டுக்கு இது தேவைப்பட்டுத் தாமாகவே நிறுவினார். பெயர் அவருக்குப் போய்விட்டது.

எங்கள் காலத்தில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கடையில் சோவியத் கணிதப் புத்தகங்கள் மலிவாகக் கிடைக்கும். ருஷ்யர்கள் விடாமல் புன்யகோவ்ஸ்கி பெயரைச் சேர்த்தே எழுதுவார்கள். நான் முதலில் படித்தது அப்படித்தான். வேலைக்குச் சேர்ந்த பிறகு வகுப்பில் அந்தப் பெயரைச் சொன்னேன், மேற்பார்வைக்கு வந்தவர் "பாடத்திட்டத்தில் இல்லாத ஆளைப் பற்றிப் பேசாதீர்கள்" என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்.

ஷ்வார்ட்ஸின் நிறுவல் முறையைச் சொல்கிறேன், இந்த இழைக்கு அது வேண்டும். t எந்த எண்ணாக இருந்தாலும் ∫(f − tg)² எதிர்மம் ஆகாது. விரித்தால் t-இல் ஓர் இருபடிக் கோவை. அது எங்கும் பூச்சியத்துக்குக் கீழே போகாததால் தன்மைக்காட்டி மிகை எண்ணாக முடியாது. அங்கேயே அசமன்பாடு வந்துவிடும். பெரும்பாலானவர்கள் இங்கே பேனாவை மூடிவிடுகிறார்கள். மூடாமல், அந்தக் கோவை எங்கே மிகச் சிறியதாகிறது என்று பாருங்கள். t = ∫fg / ∫g². ரீச்சரின், மன்னிக்கவும், வல்வையின் காற்று அடித்துவிட்டது, டீச்சரின் கணக்கில் t = 1.0944. அந்த இடத்தில் மிஞ்சுவது 1.5 − 1.36797²/1.25 = 0.0029. f²-இன் தொகையீடு 1.5-இல், g-ஆல் பிடிக்க முடியாமல் தப்பியது அவ்வளவுதான். விகிதம் பதினைந்து சதவீதம் ஆடினாலும் t-ஐச் சுற்றி இரு பக்கமும் சிதறியே ஆடுகிறது. வர்க்கம் எடுக்கும்போது அந்தச் சிதறல் சுருங்கிச் சுமார் 0.2 சதவீதமாக நிற்கிறது.

கரூர்_டியூஷன் | 9 மார்ச், மாலை 6.40

பதினைந்து சதவீத ஆட்டத்துக்கு எப்படி இவ்வளவு சிறிய பிசகு என்று இரண்டு நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது சரி.

முதல் பதிவில் "தற்செயலா" என்று கேட்டதைத் திருத்திக்கொள்கிறேன். நெருக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. கணக்கு எழுதியவருக்கு அந்தக் காரணம் தெரியுமா என்பதுதான் தெரியவில்லை.

வல்வை | 10 மார்ச், இரவு 11.40

நித்திரை வரவில்லை, ஒன்று கிடைத்தது.

f² = 1+x³, g² = 1+x என்று மாற்றி எழுதினாலும் அதே வரம்புதான். ஆகவே உண்மையான சார்பு இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. அப்படியானால் இரண்டின் சராசரியை f² ஆக எடுத்தால்? (2 + x + x³)/2. பெருக்கல் மாறாமல் இருக்க g² = 2(1+x)(1+x³)/(2+x+x³). அதாவது ஒன்றுக்குக் கூட்டுச் சராசரி, மற்றதற்கு இசைச் சராசரி. இப்போது f²/g² ஒன்றிலிருந்து 1.0208 வரைதான் போகிறது. முன்பு 1.3333 வரை போனது.

∫f² = 11/8. ∫g² கொஞ்சம் வேலை: 2+x+x³ = (1+x)(2−x+x²) என்பதால் சுருங்கி, 3 − (12/√7) tan⁻¹(1/√7) = 1.36099.

பெருக்கி வர்க்கமூலம்: 1.367978. உண்மை: 1.367969.

அரைக்கிணறு | 11 மார்ச், காலை 8.15

நான்காவது தசமம் வரை! ஆனால் tan⁻¹ போட்டு √7 போட்டு இதைச் செய்வதற்குப் பதில், டீச்சர் முதல் நாளே ஒரு ln 3-இல் முழு விடையையும் எடுத்துவிட்டாரே? எலி பிடிக்க யானையை வாடகைக்கு எடுத்த கதையாக இருக்கிறது.

வல்வை | 11 மார்ச், காலை 8.40

இந்தக் கணக்குக்கு ஆம். நேராகத் தொகையிட முடியாத ஒரு சார்பு வந்தால் யானை தேவைப்படும். ஆனால் அங்கே ∫g²-உம் கைக்கு வசப்படுமா என்பது எனக்கே சந்தேகம்.

சாக்பீஸ்_தாத்தா | 11 மார்ச், மாலை 5.00

வல்வை, நீங்கள் செய்தது வர்க்கமூலம் காணும் பழைய முறை. ஓர் எண்ணுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று வைத்துச் சராசரி எடுத்துக்கொண்டே போவது. அதை எண்ணுக்குப் பதில் சார்புக்குச் செய்திருக்கிறீர்கள். இன்னொரு சுற்று போனால் பிசகு இன்னும் வேகமாகச் சுருங்கும், g²-இன் பகுதியும் அதே வேகத்தில் பருக்கும்.

கரூர்_டியூஷன் | 12 மார்ச், இரவு 9.15

(1+√3)/2 கணக்கை இன்று கொடுத்தேன். இருபத்திரண்டு பேரில் நான்கு பேர் போட்டார்கள். கேள்வி கேட்ட பெண் போடவில்லை. அவள் m-ஐயும் M-ஐயும் ஓரங்களிலிருந்து எடுக்காமல், m = 0.9, M = 1.2 என்று தோராயமாக வைத்து 1.3571 என்று கொண்டுவந்தாள். தப்பு என்று அடித்துவிட்டேன். பேருந்தில் வரும்போதுதான் உறைத்தது, அதுவும் செல்லுபடியாகும் கீழ்வரம்புதானே? விகிதம் அந்த இரண்டுக்கும் உள்ளேதான் இருக்கிறது.

சாக்பீஸ்_தாத்தா | 13 மார்ச், காலை 5.30

செல்லும். மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுங்கள்.

மழைமானி | 13 மார்ச், காலை 10.20

அந்த மூன்று ஊர்களையும் திருத்திவிட்டேன். ஒன்று 0.71-இலிருந்து 0.65-க்கு இறங்கியது. அந்த ஊர் மலைக்கு அந்தப் பக்கம், இறங்கியதுதான் நியாயம் என்று தோன்றுகிறது. ஆனால் 0.71 வந்தபோதும் அதற்கு ஒரு நியாயம் சொல்லி வைத்திருந்தேன்.